ஆறு சக்கரமா, பத்துச் சக்கரமா?

போன மாதம் நாமக்கல்லில் உடற்கல்வி ஆசிரியர்களுக்கு இரண்டு நாள் பயிற்சி நடந்தது. பயிற்சி கொடுக்க வந்த பையனுக்கு என் மகன் வயதுதான் இருக்கும். செல்போனைத் தூக்கிக் காட்டி, "மேடம், இனிமே டீம் பிரிக்கிறதெல்லாம் ரெண்டு செகண்டு வேலை. பேரை மட்டும் ஏத்திட்டீங்கன்னா போதும். யாரும் உங்களைக் குறை சொல்ல முடியாது" என்றான். எங்கள் நாற்பது பேரின் பெயரையும் முன்பே ஏற்றி வைத்திருந்தான். ஒரு தட்டு தட்டினான். திரையில் இடது பக்கம் இருபது பேர், வலது பக்கம் இருபது பேர். எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன், வயிறு எரிந்துகொண்டே தட்டினேன்.

நீங்கள் சிரிக்கலாம். ஒரு செல்போன்மேல் ஒரு பெண்பிள்ளைக்கு என்ன பொறாமை என்று கேட்கலாம். எனக்குப் பொறாமை சளி பிடிக்கிற மாதிரி. சட்டென்று பிடித்துவிடும், விடுவதற்கு நாளாகும். கூடப் படித்தவளின் கையெழுத்து, பக்கத்து வீட்டுக்காரியின் வெண்டைக்காய்ச் செடி என்று எதன்மேலாவது எப்போதும் பட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறேன். ஆனால் அந்தப் பையனைப் பார்த்து வந்தது பழைய பொறாமை. பிள்ளைகளை இரண்டாகப் பிரித்து, அதில் ஒருத்திகூட முகம் சுளிக்காமல் இருப்பது எப்படி என்று தெரியாமல் நான் தவித்த காலம் ஒன்று இருந்தது.

மதியச் சாப்பாட்டு வேளையில் ஆத்தூரிலிருந்து வந்த ஒரு டீச்சர் பொட்டலத்தைப் பிரித்தார். தட்டுவடை செட். துருவிய பீட்ரூட்டும் பூண்டுச் சட்னியும் கலந்த அந்த வாசனை இருக்கிறதே, சேலத்துக்காரர்களுக்கு அது பசியைக் கிளப்பும். எனக்கு முதல் பள்ளியில் கூட வேலை பார்த்த ஷாகிரா டீச்சரின் ஞாபகத்தைக் கிளப்பியது. ஒரு செட் எடுத்துக்கொள்ளச் சொன்னார். வேண்டாம் என்றுவிட்டேன்.

எனக்கு முதல் வேலை கிடைத்தது சங்ககிரிக்கும் திருச்செங்கோட்டுக்கும் நடுவே ஒரு பெண்கள் உயர்நிலைப் பள்ளியில். ஊர்ப் பெயர் வேண்டாம், அங்கே இன்னும் எனக்குத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். மைதானத்துக்கு ஒரு பக்கம் சோளக்காடு, மறுபக்கம் லாரிப் பட்டறை. டயர் கழற்றுகிற சம்மட்டிச் சத்தத்துக்கு இடையில்தான் விசில் ஊத வேண்டும். பிள்ளைகளின் அப்பாக்களில் பாதிப் பேர் லாரியில் போயிருப்பார்கள். மீதிப் பேர் ரிக் வண்டியோடு ஆழ்துளைக் கிணறு போட ஆந்திரா, மத்தியப் பிரதேசம் என்று போய் ஆறு மாதம் கழித்து வருவார்கள். அதனால் எட்டாம் வகுப்புப் பெண்ணுக்குக்கூட இந்திய வரைபடம் தண்ணீர்பட்ட பாடு.

நான் வாழப்பாடிப் பக்கம். எங்கள் ஊரில் பேசுகிற மாதிரி முதல் நாள் "எல்லாரும் இங்க வாங்கடி" என்று கூப்பிட்டதற்கு, முன்வரிசையில் நின்ற ஒருத்தி, "ஏனுங்க டீச்சர், நாங்க என்னங்க தப்புப் பண்ணுனோம்?" என்று கேட்டுவிட்டாள். அந்தப் பக்கம் டீச்சர் 'டி' போட்டால் திட்டுகிறார் என்று அர்த்தம். கேட்டவள்தான் பூங்கொடி. எட்டாம் வகுப்பு. வற்றலான உடம்பு, நீண்ட கால்கள், எண்ணெய் வழிய வாரிய இரட்டைச் சடை. கோ-கோ ஆட்டத்தில் துரத்த விட்டால் கம்பத்தை ஒரு கையால் பிடித்துத் திரும்புகிற வேகத்தில் பாவாடை சுழலும். அவளுக்கு ஈடு அந்தப் பள்ளியில் ஒரே ஒருத்திதான், அவள் தோழி தேவி. துரத்துவதில் பூங்கொடி என்றால், பிடிபடாமல் நெளிவதில் தேவி. இருவரும் ஒரே பெஞ்சு, ஒரே தெரு, ஒரே சைக்கிள்.

எட்டாம் வகுப்பு ஏ, பி இரண்டையும் சேர்த்துத்தான் எனக்கு விளையாட்டுப் பீரியட். நாற்பத்தெட்டுப் பெண்கள். கோ-கோவுக்கு ஒரு அணிக்குப் பன்னிரண்டு பேர், அதில் ஒன்பது பேர் களத்தில். ஆக இருபத்து நான்கு பேர் கொண்ட இரண்டு பக்கமாகப் பிரித்தால், பக்கத்துக்கு இரண்டு அணி வைத்து மாற்றி மாற்றி ஆட விடலாம். கணக்கு அழகாக இருக்கிறது, இல்லையா? உடற்கல்விக் கல்லூரியில் தங்கப் பதக்கம் தவிர எல்லாம் வாங்கியவள் நான். பிரிப்பது ஒரு வேலையா என்று நினைத்தேன்.

முதல் வாரம் வரிசையில் நிற்க வைத்து ஒன்று, இரண்டு என்று எண்ணச் சொன்னேன். ஒன்றெல்லாம் இந்தப் பக்கம், இரண்டெல்லாம் அந்தப் பக்கம். பிரிந்து நின்றவர்களைப் பார்த்தால், நன்றாக ஓடுகிற அத்தனை பேரும் ஒரே பக்கம். ஒன்றும் புரியவில்லை. அடுத்த முறை கவனித்தேன். நான் விசிலை எடுக்கும்போதே வரிசைக்குள் ஒரு சலசலப்பு. தோழியோடு சேர வேண்டியவள் அவளுக்கு அடுத்து நிற்காமல், நடுவில் ஒருத்தியை விட்டு நிற்கிறாள். அடுத்த வாரம் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ண வைத்து, மூன்று வந்தவர்களைப் பாதிப் பாதியாக உடைத்து இரண்டு பக்கமும் அனுப்பிப் பார்த்தேன். அதற்கு ஏற்ற மாதிரி நிற்க அவர்களுக்கு இரண்டு நிமிடம் ஆனது, அவ்வளவுதான்.

சரி, தலைவிகளே ஆள் எடுக்கட்டும் என்று விட்டேன். இரண்டு தலைவிகள் மாறி மாறிப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். முதல் பத்துப் பேர் சடசடவென்று போனார்கள். பிறகு வேகம் குறைந்தது. கடைசியில் இரண்டு பேர் நின்றார்கள், தலையைக் குனிந்து கால் கட்டைவிரலால் மண்ணைக் கிளறிக்கொண்டு. ஒரு தலைவி மற்றவளிடம், "ரெண்டையும் நீயே வெச்சுக்க, எனக்கு வேண்டாம்" என்றாள். அந்த இரண்டு பேரில் ஒருத்தி அன்று சாயங்காலம் வயிற்றுவலி என்று சொல்லி, அதற்குப் பிறகு எல்லா விளையாட்டுப் பீரியடிலும் வயிற்றுவலிக்காரியாகவே ஆகிவிட்டாள். அந்த முறையை நான் அன்றோடு விட்டேன்.

பிறகுதான் என் படிப்பைக் காட்டினேன். ஸ்டாப் வாட்சை எடுத்துக்கொண்டு ஐம்பது மீட்டர் ஓட விட்டு, நாற்பத்தெட்டுப் பேரின் நேரத்தையும் குறித்து, வேகமானவளிலிருந்து மெதுவானவள் வரை வரிசைப்படுத்தினேன். முதலாமவள் ஏ அணி. இரண்டும் மூன்றும் பி அணி. நான்கும் ஐந்தும் ஏ. ஆறும் ஏழும் பி. இப்படிப் பாம்பு வளைகிற மாதிரி வளைந்து வளைந்து கொடுத்துக்கொண்டு போக வேண்டும். நேராக ஒன்று ஏ, இரண்டு பி, மூன்று ஏ என்று கொடுத்தால், ஒவ்வொரு சோடியிலும் நல்லவள் ஏ-வுக்கே போய்விடுவாள். வளைத்துக் கொடுத்தால் சமமாகும். இதைத் தாளில் எழுதி நோட்டீஸ் போர்டில் ஒட்டினேன். ஒட்டிவிட்டு நாலடி தள்ளி நின்று நானே ஒரு முறை படித்துப் பார்த்தேன்.

அந்த ஓட்டத்தில் முதலில் வந்தவள் பூங்கொடி இல்லை, வேறு ஒரு பெண். பூங்கொடி இரண்டாவது, தேவி மூன்றாவது. காய்ச்சலோ என்னவோ என்று நினைத்துக்கொண்டேன். இருவரும் பி அணிக்குப் போனார்கள். பி அணி மூன்று பீரியடும் ஏ அணியைத் துவைத்து எடுத்தது. ஏ அணிப் பெண்கள், "டீச்சர் ஓரவஞ்சனை பண்றாங்க" என்று என் காதில் விழும்படியே பேசினார்கள். மாதக் கடைசியில் மறுபடி ஓட விட்டேன். மறுபடி பூங்கொடி இரண்டு, தேவி மூன்று. முடிவுக் கோட்டுக்கு ஐந்தடி இருக்கும்போது பூங்கொடி பின்னால் திரும்பித் தேவி எங்கே வருகிறாள் என்று பார்த்ததை அன்றுதான் கவனித்தேன். நோட்டீஸ் போர்டுத் தாளைப் படித்து, இரண்டும் மூன்றும் ஒரே அணி என்று கண்டுபிடித்திருக்கிறார்கள். என் தங்கப் பதக்கமில்லாத படிப்பை எட்டாம் வகுப்புப் பெண்கள் இருவர் ஒரே மாதத்தில் மடித்துப் பைக்குள் வைத்துவிட்டார்கள்.

இப்போது ஷாகிரா டீச்சருக்கு வருகிறேன். கணக்கு டீச்சர். சேலம் டவுனிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார். அவருடைய அண்ணனுக்குக் கடைவீதியில் ஜவுளிக் கடை, அதனால் புடவையெல்லாம் கண்ணைப் பறிக்கும். வெள்ளிக்கிழமை தோறும் ஆசிரியர் அறைக்குத் தட்டுவடை செட் வாங்கி வருவார். கோபமே வராது. அதுவே எனக்குக் கோபம்.

வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியட் எட்டாம் வகுப்புக்கு விளையாட்டுதான். ஆனால் தலைமையாசிரியை அந்த நேரத்தில் என்னை ஆபீசில் உட்கார வைத்து மாணவிகளின் விவரப் பாரம் நிரப்பச் சொல்வார். பி.டி. டீச்சருக்கு வேறென்ன வேலை என்பது எல்லாப் பள்ளியிலும் உள்ள எண்ணம்தானே. எனக்குப் பதிலாக ஷாகிரா டீச்சர் மைதானத்துக்குப் போவார். ஆபீஸ் ஜன்னல் வழியாகச் சத்தம் வரும். என் பீரியடில் கேட்கவே கேட்காத சத்தம். சிரிப்பு, "கோ, கோ" என்கிற கூவல், கடைசி மணி அடித்த பிறகும் "இன்னும் ஒரே ஒரு ஆட்டமுங்க டீச்சர்" என்கிற கெஞ்சல். என்னிடம் யாரும் அப்படிக் கெஞ்சியதில்லை. பாரத்தில் தந்தை பெயர் எழுத வேண்டிய இடத்தில் பிறந்த தேதியை எழுதிவிட்டு உட்கார்ந்திருப்பேன்.

பூங்கொடி வேறு. காலையில் ஷாகிரா டீச்சர் பஸ்ஸை விட்டு இறங்கினால் அவர் கைப்பையை வாங்கிக்கொள்ள ஓடுவாள். கணக்கு நோட்டுகளை அடுக்கி நெஞ்சோடு அணைத்துத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போவாள். பள்ளியிலேயே நன்றாக ஓடுகிற பெண், ஓட்டம் சொல்லிக்கொடுக்கிற என்னை விட்டுவிட்டு வகுத்தல் சொல்லிக்கொடுக்கிறவர் பின்னால் போகிறாள். இதை எழுதும்போதுகூட எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது, பாருங்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை தாங்க முடியாமல், தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன் என்று சொல்லி எழுந்து போனேன். மோட்டார் ரூம் சுவருக்குப் பின்னால் நின்று பார்த்தேன். ஷாகிரா டீச்சர் சைக்கிள் ஸ்டாண்டில் உட்கார்ந்து கணக்கு நோட்டுத் திருத்திக்கொண்டிருந்தார். மைதானத்துக்கு முதுகு காட்டி. பிள்ளைகள் தாங்களே பிரிந்துகொண்டிருந்தார்கள். உத்தி பிரிக்கிறார்கள்!

உத்தி உங்களுக்குத் தெரிந்திருக்கும், தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். இரண்டு தலைவிகள் மட்டும் ஓரமாக நிற்பார்கள். மற்றவர்கள் தனக்குச் சமமாக ஆடுகிறவளைப் பார்த்துச் சோடி சேர வேண்டும். வேகக்காரி வேகக்காரியோடு, மெல்ல ஓடுகிறவள் மெல்ல ஓடுகிறவளோடு. சோடி தூரமாகப் போய் ஆளுக்கொரு ரகசியப் பெயர் வைத்துக்கொள்ளும். பிறகு தோளில் கை போட்டுக்கொண்டு தலைவிகள் முன்னால் வந்து நின்று, இது வேண்டுமா அது வேண்டுமா என்று கேட்கும். எந்தப் பெயர் யாருடையது என்று தலைவிக்குத் தெரியாது. ஒரு பெயரைச் சொல்வாள். அந்தப் பெயருக்குரியவள் அவள் பக்கம், மற்றவள் எதிர்ப் பக்கம். அடுத்த சோடியிடம் அடுத்த தலைவி கேட்பாள். எங்கள் ஊரில் மல்லிகையா முல்லையா என்பார்கள். இந்தப் பிள்ளைகள் "கம்ப்ரசர் வேணுமா, டிரில் ராடு வேணுமா?" "நாக்பூர் லோடு வேணுமா, விஜயவாடா லோடு வேணுமா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

நானும் சின்ன வயதில் ஆடியதுதான். கல்லூரியில் சேர்ந்ததும் இதெல்லாம் தெருப்பிள்ளைகளின் வேலை என்று மறந்துவிட்டேன். சுவருக்குப் பின்னால் நின்றபோதுதான் அதன் சூட்சுமம் எனக்கு உறைத்தது. சமமாகப் பிரிக்கிற வேலையைப் பிள்ளைகளே சோடி சேரும்போது முடித்துவிடுகிறார்கள். யாராவது தன்னைவிட நோஞ்சானைச் சோடியாகப் பிடித்தால், "சோடி சேரலை, சோடி சேரலை" என்று மற்றவர்கள் கத்திப் பிரித்துவிடுகிறார்கள். எவளும் கடைசியாக நிற்பதில்லை, ஏனென்றால் யாரும் அவளைத் தேர்ந்தெடுப்பதே இல்லை, ஒரு பெயரைத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். வயிற்றுவலிக்காரியும் ஒருத்தி தோளில் கை போட்டுக்கொண்டு நின்றாள். பூங்கொடியும் தேவியும் சோடி. என் ஸ்டாப் வாட்சை ஏமாற்றி ஒரே அணிக்கு வந்தவர்கள், இங்கே ஒவ்வொரு வெள்ளியும் எதிரெதிர் பக்கம் பிரிந்து போகிறார்கள், சிரித்துக்கொண்டே. யாரும் அவர்களைப் பிரிக்கவில்லை, அதனால் யார்மேலும் கோபமில்லை.

ஆகவே ஷாகிரா டீச்சர் ஒன்றுமே செய்யவில்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. பொறாமை தீர்ந்திருக்க வேண்டும், இல்லையா? கூடிப்போனது. ஒன்றுமே செய்யாமல் எப்படி இவ்வளவு பேர் வாங்குகிறார் இந்த அம்மாள் என்று.

ஆண்டு விழா வந்தது. பெற்றோர் பார்க்க எட்டாம் வகுப்புக்குக் கோ-கோ வைக்கலாம் என்றார் தலைமையாசிரியை. மஞ்சள் அணிக்கு நான் பொறுப்பு, நீல அணிக்கு ஷாகிரா டீச்சர். பிள்ளைகள் வந்து, "உத்தி பிரிச்சுக்கலாமுங்க டீச்சர், நீங்க ரெண்டு பேரும் தலைவியா நில்லுங்க" என்றார்கள். டீச்சர்கள் தலைவியாக நிற்பதில் அவர்களுக்கு அப்படி ஒரு குதூகலம். நானும் சரி என்றேன். ஆனால் எனக்குப் பூங்கொடி வேண்டும். ஊரே பார்க்கிற ஆட்டத்தில் அவள் மஞ்சள் ரிப்பன் கட்டிக்கொண்டு என் பக்கம் நிற்க வேண்டும். ஷாகிரா டீச்சர் அதைப் பார்க்க வேண்டும்.

முந்தைய நாள் கோடு போடச் சுண்ணாம்புத் தூள் எடுக்கப் பூங்கொடி ஸ்டோர் ரூமுக்கு வந்தாள். வேறு யாரும் இல்லை. நான் விளையாட்டாகக் கேட்கிற மாதிரி கேட்டேன்.

"நீயும் தேவியும்தானே சோடி? நாளைக்கு என்ன பேர் வெச்சிருக்கீங்க?"

அவள் தூள் டப்பாவைக் கீழே வைத்துவிட்டாள். "அதைக் கேக்கக் கூடாதுங்க டீச்சர்."

"சும்மாதான் கேக்குறேன். சொல்ல வேண்டாம்னா விடு."

அவள் கதவைப் பார்த்தாள். சடை நுனியை வாயில் வைத்துக் கடித்தாள். "ஆறு சக்கரமுங்களா, பத்துச் சக்கரமுங்களா. நானு ஆறு சக்கரமுங்க" என்று சொல்லிவிட்டு, டப்பாவை எடுத்துக்கொண்டு ஓடிப்போனாள். அவள் அப்பா ஓட்டுவது ஆறு சக்கர லாரி, தேவி அப்பா ஓட்டுவது பத்துச் சக்கரம். பொருத்தமாகத்தான் இருந்தது.

நாற்பத்தெட்டுப் பிள்ளைகளுக்கு நியாயம் சொல்ல வந்த டீச்சர் நான், ஒரு குழந்தையிடம் உத்தியை உடைக்கச் சொல்லிக் கேட்டேன். இதை இன்றுவரை நானாக யாரிடமும் சொன்னதில்லை.

மறுநாள் காலை பஸ் ஸ்டாப்பில் பூங்கொடி வழக்கம்போல ஷாகிரா டீச்சரின் பையை வாங்கினாள். டீச்சர் குனிந்து அவளிடம் ஏதோ கேட்டார். அவள் காதோடு காதாகப் பதில் சொன்னாள். இருவரும் சிரித்தார்கள். சிரித்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அவ்வளவு போதாதா? கடைசி மணிவரை என் மனது அதையே மென்றுகொண்டிருந்தது. கேட்டவுடன் ஏன் அவ்வளவு சுலபமாகச் சொன்னாள்? அவளுக்கு நீல அணியில்தானே ஆசை? ஆறு சக்கரம் என்று பொய் சொல்லிவிட்டால் நான் ஆறு சக்கரத்தைக் கேட்பேன், தேவி வருவாள், அவள் நிம்மதியாக அங்கே போய்விடலாம். என்னை ஏமாற்றப் பார்க்கிறாள். ஓட்டத்தில் ஏமாற்றியவள்தானே.

மைதானத்தில் நானும் ஷாகிரா டீச்சரும் இரண்டடி இடைவெளியில் நின்றோம். முதல் கேள்வி எனக்கு, அடுத்தது அவருக்கு. சோடிகள் வரிசையாக வந்தன. பூங்கொடியும் தேவியும் வர வேண்டிய முறை ஷாகிரா டீச்சருடையது. திடீரென்று பூங்கொடி சடை ரிப்பன் அவிழ்ந்துவிட்டது என்று உட்கார்ந்தாள். "நீங்க முன்னாடி போங்கடி" என்று பின்னால் நின்ற சோடியை அனுப்பிவிட்டாள். அடுத்த முறை என்னுடையது. அப்போதுதான் எழுந்து தேவியின் தோளில் கை போட்டுக்கொண்டு வந்தாள். பார்த்தீர்களா, கணக்குப் பண்ணி என் முறைக்கு வருகிறாள், பொறியில் என்னைத் தள்ள வருகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

"ஆறு சக்கரம் வேணுமுங்களா, பத்துச் சக்கரம் வேணுமுங்களா?" என்று இருவரும் சேர்ந்து கேட்டார்கள்.

"பத்துச் சக்கரம்" என்றேன்.

தேவி என் பக்கம் ஓரடி எடுத்து வைத்தாள். பூங்கொடி நகரவில்லை. என்னையே பார்த்தாள். பிறகு நாற்பத்தெட்டுப் பேர் கேட்க, அழுகைக் குரலில் கத்திவிட்டாள்.

"டீச்சர், நேத்தே நானு ஆறு சக்கரம்னு சொன்னனில்லீங்க! நெசமாத்தானுங்க சொன்னேன்! ஏனுங்க என்னையக் கேக்கல?"

பட்டறையில்கூட அந்த நேரம் சம்மட்டிச் சத்தம் நின்றிருந்தது என்று எனக்கு ஒரு ஞாபகம். அது பொய்யாகவும் இருக்கலாம். தேவி திரும்பிப் பூங்கொடியைப் பார்த்தாள். "டீச்சர்கிட்ட சொல்லிப் போட்டயா?" என்று மெதுவாகக் கேட்டாள். பூங்கொடி சடை நுனியைக் கடித்தாள். "உன்ற கூட இனிமே சோடியே சேர மாட்டேன், போ" என்றாள் தேவி.

விசில் ஊதினேன். என்ன விசில் அது, எதற்கு ஊதினேன் என்று எனக்கே தெரியாது.

ஆட்டம் நடந்தது. பெற்றோர் வந்தார்கள், கை தட்டினார்கள். பூங்கொடி நீல ரிப்பன் கட்டிக்கொண்டு ஒன்பது நிமிடத் துரத்தலில் ஏழு பேரை அவுட் ஆக்கினாள். தேவியைப் பிடிக்க நேர்ந்தபோது, முதுகில் தொட வேண்டியவள் பளாரென்று ஓங்கி அறைந்தாள். தேவி அழவில்லை. நீல அணி வென்றது. ஷாகிரா டீச்சர் கோப்பையை வாங்கப் போகாமல் என்னையே போய் வாங்கித் தரச் சொன்னார். தந்தேன். பூங்கொடி என் கையிலிருந்து அதை வாங்கும்போது தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் பஸ்ஸில் ஷாகிரா டீச்சர் என் பக்கத்தில் உட்கார்ந்தார். சங்ககிரி தாண்டியது. பிறகு, "காலைல அந்தப் புள்ளை என்ன சொல்லிச்சு தெரியுமா?" என்றார். "எந்த அணிக்குப் போகணும்னு ஆசைன்னு கேட்டேன். பி.டி. டீச்சர் அணிக்குத்தான், அவங்கதான் என் ஓட்டத்தைப் பார்க்கறாங்க, நீங்க திரும்பிக்கூடப் பார்க்கறதில்லைன்னு சொல்லிச்சு. சிரிச்சுட்டேன்."

நான் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அப்படியே, ஏன் திரும்பிப் பார்ப்பதில்லை என்று கேட்டேன்.

"பார்த்தா இவ ஜெயிக்கட்டும், அவ ஜெயிக்கட்டும்னு மனசு போகும் டீச்சர். நமக்கு ஒருத்தியைப் பிடிச்சுப் போச்சுன்னா அதுங்களுக்குத் தெரிஞ்சுடும். அதான் நோட்டை வெச்சுக்கிட்டு உக்காந்துக்குவேன்."

அப்போதுகூட, நான் ஏன் இதை யோசிக்கவில்லை என்று அவர்மேல் எனக்குப் பொறாமைதான் வந்தது. வெட்கமும் வந்தது. இரண்டும் ஒன்றாகவே வந்தன, பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை தலைமையாசிரியை லீவு. பாரம் நிரப்புகிற வேலை இல்லை. நான் மைதானத்துக்குப் போனேன். ஷாகிரா டீச்சரைப் போலவே முதுகு காட்டி உட்காரலாம் என்று சைக்கிள் ஸ்டாண்டுக்கு நடந்தேன். ஒரு சத்தமும் இல்லை. திரும்பினால், நாற்பத்தெட்டுப் பேரும் வரிசையாக நிற்கிறார்கள். யாரும் யாரோடும் சோடி சேரவில்லை. பூங்கொடி ஒரு கோடியிலும் தேவி மறு கோடியிலும் நின்றார்கள்.

"உத்தி பிரிக்கலையா?" என்று கேட்டேன்.

"வேண்டாமுங்க" என்றாள் ஒருத்தி. "பேரு வெச்சா சொல்லிப் போடறாங்க. எவ எவகிட்டச் சொல்லி வெச்சிருக்கறான்னு ஆருக்குங்க தெரியும்? நீங்களே பிரிச்சு உடுங்க டீச்சர்."

இத்தனை மாதமும் நான் எதற்காக ஏங்கினேனோ அதுதான் கிடைத்தது. பிள்ளைகள் என்னிடமே வந்து பிரிக்கச் சொல்கிறார்கள். ஒன்று, இரண்டு என்று எண்ணச் சொன்னேன். வரிசையில் யாரும் இடம் மாறவில்லை. எண்ணிக்கை எங்கே விழுந்ததோ அங்கே போய் நின்றார்கள். யாரும் முணுமுணுக்கவில்லை. ஆடினார்கள், மணி அடித்ததும் பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள்.

ஷாகிரா டீச்சர் அடுத்த வருடம் சேலத்துக்கே மாற்றல் வாங்கிக்கொண்டு போனார். பூங்கொடியும் தேவியும் ஒன்பதாம் வகுப்பில் வேறு வேறு பிரிவு கேட்டு வாங்கிக்கொண்டார்கள். எட்டாம் வகுப்புக்கு வந்த புதுப் பிள்ளைகள் மூத்தவர்களைப் பார்த்துத்தானே பழகுவார்கள், அவர்களும் வரிசையிலேயே நின்றார்கள். அந்தப் பள்ளியில் அதற்குப் பிறகு ஆறு வருடம் இருந்தேன். கம்ப்ரசரா டிரில் ராடா, நாக்பூரா விஜயவாடாவா என்று தோளில் கை போட்டுக்கொண்டு ஒரு சோடியும் என் முன்னால் வந்து நிற்கவில்லை.